50-உம் 20-உம் சேர்ந்தால் 60: மகன் கழற்றிவைத்த ஆடித் தள்ளுபடி பேனர்

கேள்வி: காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் சின்ன ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். ரெடிமேட் சட்டைக் கம்பெனி ஆள் கொண்டுவந்த பேனரை ஆடிக்குக் கட்டினேன். ‘50% + 20% = 70% தள்ளுபடி’ என்று போட்டிருந்தது. மூன்றாம் நாள் ஒரு வேலையாகத் தேவகோட்டை போய்விட்டேன். பிளஸ் ஒன் படிக்கிற மகன் கல்லாவில் இருந்தான். புதுவயலிலிருந்து வந்த ஓர் ஆச்சி, 1,500 ரூபாய்ச் சட்டைக்கு 450 ரூபாயை எண்ணி வைத்திருக்கிறார். மெஷின் 600 காட்டியிருக்கிறது. இவன் போர்டுப்படி ஆச்சி சொல்வதுதான் சரி என்று 450-க்கே பில் போட்டுவிட்டு, பேனரையும் கழற்றி மடித்து வைத்துவிட்டான். “அப்பச்சி, 50-உம் 20-உம் 60 தான், போர்டு தப்பு” என்கிறான். கம்பெனி ஆளோ, எல்லா ஊரிலும் இதுதான், கீழே ‘நிபந்தனைகளுக்குட்பட்டது’ என்று போட்டிருக்கிறதே என்கிறார். அதற்குள் 46 சட்டை 600 ரூபாய்க்குப் போயிருந்தது. மகன் செய்தது சரியா? சட்டப்படி எனக்குச் சிக்கல் வருமா? மிச்ச ஆடிக்கு என்ன எழுதி மாட்டுவது?

பதில்: ஐயா, உங்கள் மகன் போட்ட கணக்கும் சரி, பில்லும் சரி. கம்பெனி ஆள் சொன்னதில் உண்மை ஒன்றுதான்: இந்த மாதிரி பேனர் பல ஊர்களில் தொங்குகிறது. அதனால் அது சரியாகிவிடாது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 1,500 ரூபாயில் 50% கழித்தால் 750. அடுத்த 20% முழு 1,500-க்கு அல்ல, மிச்சமிருக்கும் 750-க்குத்தான். அது 150 ரூபாய். ஆக விலை 600. மொத்தம் குறைந்தது 900 ரூபாய். 1,500-இல் 900 என்பது 60%. பேனர் சொன்ன 70% உண்மையானால் 1,050 ரூபாய் குறைந்து, ஆச்சி எண்ணி வைத்த 450-இல்தான் வந்து நிற்கும். அவர் எதையும் தவறாகப் படிக்கவில்லை. எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே படித்தார்.

மெஷினிலும் கோளாறு இல்லை. பில்லிங் மென்பொருளில் இரண்டு தள்ளுபடிக்கு இரண்டு கட்டம் இருக்கும். இரண்டாவது கட்டத்தில் போடும் சதவீதம், முதல் கட்டம் குறைத்த தொகையின் மேல்தான் வேலை செய்யும். கம்பெனி திட்டம் போட்டதும் அப்படித்தான். அவர்கள் மனதில் இருந்த விலை 600; அதற்குப் பக்கத்தில் ‘= 70%’ என்று எழுதிவிட்டார்கள். தப்பு முழுவதும் அந்தச் சமன்குறியில் இருக்கிறது.

கல்லாவில் உட்காருகிற யாருக்கும் உதவுகிற வழி ஒன்று உண்டு. தள்ளுபடியைக் கூட்டாமல், மிச்சத்தைப் பெருக்க வேண்டும். 50% போனால் மிச்சம் 50, 20% போனால் மிச்சம் 80. 50-ஐ 80-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் 40. வாடிக்கையாளர் கொடுப்பது 40%, தள்ளுபடி 60%. எதை முதலில் கழித்தாலும் விடை மாறாது. 20% முன்னால் கழித்தால் 1,200, அதில் பாதி 600. எண்கள் பெரிதாகப் பெரிதாக ஓட்டையும் பெரிதாகும். 50% + 40% என்று யாராவது கொண்டுவந்தால் படிப்பவர் 90 என்று கூட்டிக்கொள்வார். உண்மையில் கிடைப்பது 70 தான்.

‘= 70%’ என்பதை மட்டும் மறைத்துவிட்டு, ‘50% + 20%’ என்று பேனரை மறுபடி கட்டலாமா என்று உங்களுக்குத் தோன்றலாம். அப்பட்டமான பொய் அதில் இருக்காதுதான். ஆனால் தெருவில் நடந்துகொண்டே படிப்பவர் கூட்டித்தான் பார்ப்பார், கம்பெனியும் அதை நம்பித்தான் அப்படி எழுதுகிறது. என் யோசனை, அதையும் கட்டாதீர்கள். 60% என்பதே நல்ல தள்ளுபடி. அதை நேராக எழுதினால் கல்லாவில் நின்று யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

இனி உங்கள் மகன் கவனிக்காத ஒன்று. சட்டத்தின் பார்வையில் இதுதான் பெரிது. அந்த 1,500 எங்கிருந்து வந்தது? சட்டையில் தொங்கும் அட்டையில் கம்பெனி அச்சடித்த எம்.ஆர்.பி. அது. ஆனி மாதம் முழுக்க இதே சட்டையை நீங்கள் 1,500-க்கா விற்றீர்கள்? பெரும்பாலான ஜவுளிக்கடைகளில் அப்படி விற்பதில்லை. 900-க்கோ 950-க்கோதான் போயிருக்கும். 900 என்று வைத்துக்கொண்டால், ஆடியில் வாங்குகிறவருக்கு உண்மையில் குறைந்தது 300 ரூபாய், மூன்றில் ஒரு பங்கு. 60% என்று எழுதுவதும்கூட அப்போது அரை உண்மைதான்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் பிரிவு 2(47), நேர்மையற்ற வணிக முறைகள் எவை என்று சொல்கிறது. ஒரு பொருள் வழக்கமாக என்ன விலைக்கு விற்கப்படுகிறது என்பதில் மக்களை ஏமாற்றுவதும் அதில் ஒன்று. அங்கே இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. நீங்கள் ஒரு பழைய விலையைக் காட்டினால், அது அந்தச் சந்தையில் பொதுவாக மற்ற கடைக்காரர்கள் விற்ற விலை என்றே எடுத்துக்கொள்ளப்படும். ‘இது எங்கள் கடையின் முந்தைய விலை’ என்று தெளிவாக எழுதினால் மட்டுமே உங்கள் கடை விலையாகக் கொள்ளப்படும். அதனால் வெறுமனே ‘பழைய விலை 1,500’ என்று எழுதியிருந்து, செக்காலை ரோட்டில் நாலு கடையில் இதே சட்டை ஆண்டு முழுக்க 900-க்குக் கிடைத்திருந்தால், அந்த வாசகமே உங்களுக்கு எதிரான சாட்சி. எம்.ஆர்.பி. என்றால் எம்.ஆர்.பி. என்றே எழுதுங்கள். அது இதற்கு மேல் விற்கக் கூடாது என்கிற வரம்பு. பழைய விலை என்பது வேறு.

அட்டையில் கைவைப்பதும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டியது. அச்சடித்த எம்.ஆர்.பி.யை அழிப்பதோ, கூட்டி ஒட்டுவதோ சட்டமுறை எடையளவு விதிகளின்படி குற்றம். விலையைக் குறைத்து ஸ்டிக்கர் ஒட்டலாம், ஆனால் அந்த ஸ்டிக்கர் பழைய எம்.ஆர்.பி.யை மறைக்கக் கூடாது. கம்பெனி அனுப்பிய சரக்கிலேயே ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று ஒரு சட்டையை எடுத்து நகத்தால் உரித்துப் பாருங்கள். அடியில் 999 இருந்து மேலே 1,500 இருந்தால், அந்தக் கட்டு முழுவதையும் விற்காமல் திருப்பி அனுப்புங்கள். ஆய்வாளர் வரும்போது அது கிடப்பது உங்கள் கடை அலமாரியில்.

‘நிபந்தனைகளுக்குட்பட்டது’ உங்களைக் காப்பாற்றுமா என்றால், காப்பாற்றாது. தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. சரக்கை விற்கும் வணிகருக்கும் அவை பொருந்தும். அடிக்குறிப்பு ஒரு வாக்கை விளக்கலாம், வரையறுக்கலாம். தவறான வாக்கைத் திருத்த அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது அதில் தெளிவாக இருக்கிறது. மேலே 70 என்று போட்டுவிட்டுக் கீழே ‘60 தான்’ என்று விளக்கமாகவே எழுதியிருந்தாலும் செல்லாது என்கிறபோது, என்ன நிபந்தனை என்றே சொல்லாத ஒரு வரிக்கு மதிப்பு இல்லை. அடிக்குறிப்பின் மொழியும் எழுத்தும் மேலே உள்ள வாக்கைப் போலவே இருக்க வேண்டும் என்றும் நெறிகள் சொல்கின்றன. தமிழில் ஒரு முழ எழுத்தில் தள்ளுபடி, மூலையில் எறும்பு அளவு ஆங்கிலத்தில் நிபந்தனை என்கிற பழக்கம் இதனால் அடிபடுகிறது.

சிக்கல் எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டீர்கள். பத்து லட்சம் அபராதம் என்று கடைவீதியில் பயமுறுத்துவார்கள். சட்டத்தின் பிரிவு 21-இல் அந்தத் தொகை இருப்பது உண்மை. ஆனால் அந்த அபராதம் முதலில் தயாரிப்பாளரையும், விளம்பரத்தில் தோன்றிப் பரிந்துரைப்பவரையும், அடுத்து அந்த விளம்பரத்தை வெளியிடுபவரையும் அதில் பங்கெடுப்பவரையும் குறிவைத்து எழுதப்பட்டது. வெறும் வணிகருக்கு அந்தப் பிரிவில் வருவது விளம்பரத்தை நிறுத்து, திருத்து என்கிற உத்தரவு; ஆனால் பேனரை வெளியிட்டவர் என்று உங்களைப் பார்த்தால் அபராதமும் வரலாம். இன்னொரு இடத்திலும் ஜவுளிக்கடைக்காரர்கள் சறுக்குவார்கள். வேறொருவர் தைத்த சட்டையில் தன் பெயரையோ குறியையோ போட்டுக்கொள்பவரும் இந்தச் சட்டப்படி தயாரிப்பாளர்தான். திருப்பூரில் தைக்கக் கொடுத்து, காலரில் உங்கள் கடைப் பெயர் லேபிளை வைத்து விற்கிறீர்களா? அந்தச் சரக்கைப் பொறுத்தவரை நீங்கள் வணிகர் என்று ஒதுங்க முடியாது.

உங்கள் அளவுக்கு நடைமுறையில் வரக்கூடியது, 600 கொடுத்து வாங்கிய ஒருவர் சிவகங்கையில் இருக்கிற மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுப்பது. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுவரை அவகாசம். கையில் பேனரின் ஒரு செல்போன் படமும் உங்கள் பில்லும் போதும். கேட்பது 150 ரூபாய் வித்தியாசமாக இருக்கும். அதோடு மன உளைச்சலுக்கும் செலவுக்கும் என்று ஆணையம் சேர்க்கும் தொகைதான் வலிக்கும்.

அதனால் அந்த 46 சட்டைக்கு வருவோம். எல்லாமே 1,500 ரூபாய்ச் சட்டைகள் என்றால், ஒன்றுக்கு 150 வீதம் 6,900 ரூபாய். இதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. பில் போடும்போது செல்போன் எண் வாங்கியிருப்பீர்கள். அவர்களுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள்: ‘எங்கள் பேனரில் தள்ளுபடி தவறாக இருந்தது. பில்லைக் கொண்டுவந்து 150 ரூபாய் பெற்றுக்கொள்ளவும்.’ எண் இல்லாதவர்களுக்காக இதையே ஓர் அட்டையில் எழுதிக் கல்லா அருகே ஒரு மாதம் வையுங்கள். கொடுக்கும்போது பில்லின் பின்னால் கையெழுத்து வாங்குங்கள். வரி செலுத்தும் முறையில் நீங்கள் சாதாரணப் பதிவில் இருந்தால், இந்தத் தொகைக்குக் கிரெடிட் நோட் போடச் சொல்லி உங்கள் கணக்கரிடம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கையை விட்டுப்போன பணத்துக்கும் வரி கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

உங்களுக்குக் கைக்கடி எவ்வளவு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சட்டையின் கொள்முதல் வரி நீங்கலாக 470 என்று வைத்துக்கொள்வோம். 600-க்கு விற்றால் அதில் 5% ஜிஎஸ்டி 28 ரூபாய் 57 காசு அடங்கியிருக்கிறது. உங்கள் விற்பனை மதிப்பு 571 ரூபாய் 43 காசு, மிச்சம் சுமார் 101 ரூபாய். 450-க்கு விற்றால் மதிப்பு 428 ரூபாய் 57 காசு. கொள்முதலைக் காட்டிலும் சுமார் 41 ரூபாய் கீழே. ஆச்சிக்குக் கொடுத்த ஒரு சட்டையில் நட்டம்தான். ஆனால் அந்த நட்டத்தை உண்டாக்கியது பேனர், அதைக் கொண்டுவந்தவர் கம்பெனி ஆள். பேனரைத் தூக்கிப் போடாதீர்கள். படம் எடுத்து, கம்பெனிக்கு எழுத்தில் அனுப்புங்கள். திருப்பிக் கொடுத்த தொகையைப் பட்டியலிட்டு, அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ‘எல்லா ஊரிலும் இதுதான்’ என்று வாயால் சொன்னதை அவர்கள் வாட்ஸ்அப்பில் எழுதித் தருகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். எழுத மாட்டார்கள், வித்தியாசத்தைக் கொடுத்துவிடுவார்கள் என்பது என் கணிப்பு.

பதினெட்டு வயதாகாத பையன் போட்ட 450 ரூபாய் பில் செல்லாது, அந்த ஆச்சியிடம் மீதி 150-ஐக் கேட்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 184-ஆம் பிரிவுப்படி வயதுக்கு வராதவரும் ஒருவருக்கு முகவராக இருக்கலாம். அவர் வெளியாரோடு செய்த வியாபாரம் முதலாளியைக் கட்டும். அதே பிரிவில் இன்னொன்றும் உண்டு: அந்த முகவர் முதலாளிக்குப் பொறுப்பாக மாட்டார். நட்டத்தை மகனின் கைச்செலவுக் காசில் பிடிக்கவும் உங்களுக்குச் சட்டத்தில் இடமில்லை.

பையன் செய்ததில் ஒன்றை மட்டும் மாற்றிச் செய்யச் சொல்லலாம். பேனரைக் கழற்றியதும் உங்களுக்குப் போன் செய்திருக்க வேண்டும். கழற்றிய நேரத்தையும் அதுவரை போன பில் எண்ணையும் குறித்து வைத்திருக்க வேண்டும். கழற்றிய பிறகு 600-க்கு வாங்கியவர் 70% கேட்டு வந்தால், எந்த பில் வரை பேனர் தொங்கியது என்று காட்ட அந்தக் குறிப்புதான் உதவும். பில்லில் நேரம் அச்சாகும் என்பதால் இப்போதும் பார்த்து எழுதிவிடலாம்.

இனி புது போர்டு. இரண்டு சதவீதங்களை எழுதவே எழுதாதீர்கள். விலையை எழுதுங்கள். இப்படி இருக்கலாம்:

ஆடித் தள்ளுபடி
முழுக்கைச் சட்டை: எம்.ஆர்.பி. ₹1,500
எங்கள் கடையில் ஜூன் மாத விலை ₹900
இப்போது ₹600, ஜிஎஸ்டி உட்பட
அளவு 38, 40, 42 மட்டும். 120 சட்டைகள்.
ஆகஸ்ட் 16 வரை, அல்லது சரக்கு தீரும் வரை

இதில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் உண்டு. ஜூன் விலை என்று எழுதினால் ஜூன் மாத பில்கள் உங்களிடம் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு போதாது, அந்த விலையில் உண்மையாகவே வியாபாரம் நடந்ததாகத் தெரிய வேண்டும். ஆடி பிறப்பதற்கு முதல் வாரம் விலையை ஏற்றி, இரண்டு பில் போட்டுவிட்டு இறக்குவதைப் பழைய விலை என்று யாரும் ஒப்ப மாட்டார்கள். அளவையும் எண்ணிக்கையையும் எழுதுவது எதற்கென்றால், மலிவு விலை என்று கூப்பிட்டுவிட்டு நியாயமான அளவு சரக்கு இல்லாமல் இருப்பதும் அதே பிரிவு 2(47)-இல் வருகிறது. 44 அளவு தேடிக் கோட்டையூரிலிருந்து பஸ் ஏறி வருபவருக்கு, வாசலிலேயே அது இல்லை என்று தெரிந்துவிட வேண்டும்.

‘ஜிஎஸ்டி உட்பட’ என்பதை விட்டுவிடாதீர்கள். எம்.ஆர்.பி. என்பதே எல்லா வரியும் சேர்ந்த விலை. அதில் தள்ளுபடி கொடுத்துவிட்டு, குறைந்த விலைமேல் தனியாக வரி போடுவது நேர்மையற்ற வணிக முறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017-இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. 600-க்கு மேல் 30 ரூபாய் வரி போட்டு 630 வாங்கினால், உங்கள் 60% தள்ளுபடி 58% ஆகிவிடும். போர்டு மறுபடி பொய் சொல்லும். நீங்கள் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவரானால் வாடிக்கையாளரிடம் வரி என்று தனியே ஒரு காசும் வாங்கவே கூடாது.

மென்பொருளில் ஒரு இடத்தையும் சரிபாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் ஆடையின் விற்பனை மதிப்பு 2,500 ரூபாய் வரை இருந்தால் வரி 5%, அதற்கு மேல் 18%. பார்க்க வேண்டியது தள்ளுபடி போக விற்ற விலையை, எம்.ஆர்.பி.யை அல்ல. 3,000 ரூபாய் எம்.ஆர்.பி. போட்ட சட்டையை 1,200-க்கு விற்கும்போது மென்பொருள் எம்.ஆர்.பி.யைப் பார்த்து 18% என்று பிரித்துக் காட்டினால், உங்கள் மிச்சத்திலிருந்துதான் அந்த வித்தியாசம் போகும். தள்ளுபடி பில்லிலேயே தெரியும்படி அச்சாக வேண்டும். அப்படித் தெரிந்தால்தான் குறைந்த தொகைக்கு மட்டும் வரி.

கம்பெனி ஆள் அடுத்து ‘2 வாங்கினால் 1 இலவசம்’ என்று வருவார். மூன்றும் ஒரே விலை என்றால் அது 33%. ஆனால் ‘விலை குறைந்தது இலவசம்’ என்றால் கணக்கு வேறு. 1,500, 1,200, 600 என்று மூன்று சட்டை எடுத்தால் இலவசம் 600. மொத்தம் 3,300-இல் அது சுமார் 18% தான். அந்த நிபந்தனையை இலவசம் என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே, அதே எழுத்தில் எழுதுங்கள். இந்தத் திட்டம் நடக்கிற நாளில் ஒரு சட்டையின் விலையை 600-இலிருந்து 900 ஆக்கிவிட்டு ஒன்று இலவசம் என்றால், இரண்டு வாங்குகிறவர் மூன்றின் காசையும் கொடுத்துவிடுகிறார். அது இலவசமே இல்லை.

‘70% வரை’ என்பதில் ‘வரை’யைச் சின்னதாகப் போடும் வழக்கமும் இருக்கிறது. ஓர் ஓரத்தில் கிழிந்த பனியன் பத்துக்கு 70% கொடுத்துவிட்டுக் கடை முழுக்க 10% கொடுப்பவர்கள் இதை எழுதக் கூடாது. உண்மையாகவே அந்த 70% அலமாரி கண்ணில் படும்படி நிறைந்திருந்தால் எழுதலாம். இன்னும் நல்லது, ‘10% முதல் 70% வரை’ என்று இரண்டு முனையையும் ஒரே அளவில் எழுதுவது.

உங்கள் கடையில் கண்டாங்கியும் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தறிக்காரரிடம் நேராக வாங்கும் சேலையில் பெரும்பாலும் அச்சடித்த எம்.ஆர்.பி. அட்டை இருக்காது. அதனால் அதற்குச் சதவீதத் தள்ளுபடி எழுதினால், எதிலிருந்து சதவீதம் என்கிற கேள்வி உடனே வரும். உங்கள் கடையின் முந்தைய விலை பில்லோடு இருந்தால் மட்டும் எழுதுங்கள், இல்லாவிட்டால் வெறும் விலையை எழுதிவிட்டுச் சும்மா இருங்கள். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதே கட்டம், அதே அகலக் கரை போட்ட விசைத்தறிச் சேலையை அந்தப் பெயரில் தள்ளுபடி அலமாரியில் சேர்த்து வைத்தால் அது தள்ளுபடிக் குற்றத்தைவிடப் பெரிய வம்பு. இரண்டையும் தனித்தனி அலமாரியில், தனித்தனிப் பெயரோடு வையுங்கள்.

கடைசியாக, கல்லாவுக்குப் பின்னால் ‘தள்ளுபடி சரக்கு மாற்றவோ திருப்பி எடுக்கவோ மாட்டாது’ என்று ஓர் அட்டை தொங்கினால் அதையும் பாருங்கள். நிறம் பிடிக்கவில்லை, அளவு சரியில்லை என்று வருபவருக்கு அது பொருந்தலாம். குறையுள்ள சரக்குக்குப் பொருந்தாது. பில்லில் காலக்கெடு எழுதியிருந்தால் அதற்குள், எழுதாவிட்டால் 30 நாளுக்குள் குறையுள்ள சரக்கைத் திருப்பி எடுத்துப் பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிக முறையே, ஆடியிலும். அட்டையைத் திருத்துங்கள்: ‘தையல், துணியில் குறை இருந்தால் பில்லுடன் 30 நாளுக்குள் வரவும். அளவு, நிறம் மாற்றித் தருவதில்லை.’